பொட்டாசியம் மாத்திரை: எந்த மில்லிகிராம்?

மருந்துச் சீட்டில் ஒரு வரி: பொட்டாசியம் குளோரைடு, 20 மில்லி ஈக்விவலன்ட், தினம் ஒரு வேளை. மருந்துக்கடைக்காரர்கள் பேச்சில் அது '20 எம்ஈக்யூ'. இதை மில்லிகிராமில் சொல்லுங்கள் என்று கேட்டால் ஒருவர் 1,500 என்பார், இன்னொருவர் 782 என்பார். இருவரும் தப்புக் கணக்குப் போடவில்லை. முதலாமவர் சொன்னது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பின் எடை. இரண்டாமவர் சொன்னது அந்த உப்புக்குள் இருக்கும் பொட்டாசியத்தின் எடை மட்டும்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. மாத்திரை அட்டையில் அச்சாகியிருப்பது பெரும்பாலும் உப்பின் எடை. உணவு அட்டவணையிலும் சத்து மாத்திரை டப்பாவிலும் இருப்பது பொட்டாசியத்தின் எடை. இரண்டுக்கும் பெயர் மில்லிகிராம். ஒன்றைப் படித்துவிட்டு மற்றதை வாங்கினால், மருந்து பாதியாகக் குறையும் அல்லது இரண்டு மடங்காகக் கூடும். சீட்டு சரியாக இருக்கும், மாத்திரையும் சரியாக இருக்கும், அளவு மட்டும் தவறியிருக்கும்.

பெரும்பாலான மருந்துகளில் இப்படி ஒரு பிழை நேர்ந்தால் சமாளிக்க இடம் உண்டு. பொட்டாசியத்தில் அந்த இடம் குறைவு. ரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 முதல் 5 எம்ஈக்யூ வரை இருக்க வேண்டும். 3க்குக் கீழே இறங்கினாலும் 6க்கு மேலே ஏறினாலும் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம்.

எடையும் எண்ணிக்கையும்

பொட்டாசியம் தனியாக மருந்தாக வருவதில்லை. குளோரைடு, சிட்ரேட், குளுக்கோனேட், பைகார்பனேட் என்று ஏதாவது ஒன்றோடு சேர்ந்த உப்பாகத்தான் வரும். கூட வரும் துணை கனமாக இருந்தால், அதே அளவு பொட்டாசியத்தைத் தர அதிக எடையுள்ள உப்பு வேண்டும். பொட்டாசியத்தின் அணு எடை 39.1, குளோரினுடையது 35.5. சேர்த்தால் 74.6. அதாவது 74.6 மில்லிகிராம் பொட்டாசியம் குளோரைடில் பொட்டாசியம் 39.1 மில்லிகிராம்தான். பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவே.

எம்ஈக்யூ என்பது எடையைச் சொல்லவில்லை, மின்னேற்றத்தின் கணக்கைச் சொல்கிறது. பொட்டாசியம் அயனி ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு மின்னேற்றம். ஆகவே எந்த உப்பில் வந்தாலும் 20 எம்ஈக்யூ என்றால் உடலுக்குள் போகும் பொட்டாசியம் ஒரே எண்ணிக்கைதான். நரம்பும் தசையும் இதயமும் கவனிப்பது அயனிகளின் எண்ணிக்கையை. துணையாக வந்ததன் எடை அவற்றுக்குப் பொருட்டில்லை. டாக்டர்கள் இந்த அலகில் எழுதுவதற்குக் காரணம் அதுதான். பிரிட்டன் முறையைப் பின்பற்றும் சீட்டுகளில் மில்லிமோல் என்று இருக்கும். பொட்டாசியத்தைப் பொறுத்தவரை 1 மில்லிமோலும் 1 எம்ஈக்யூவும் ஒன்றே. அங்கே மாற்றுக் கணக்கு எதுவும் தேவையில்லை. இந்தச் சமன்பாட்டைக் கால்சியத்துக்கோ மக்னீசியத்துக்கோ நீட்டக் கூடாது. அவற்றுக்கு இரண்டு மின்னேற்றம் என்பதால் கணக்கு வேறு.

அட்டையில் உள்ள மில்லிகிராமை எம்ஈக்யூவாக மாற்ற, உப்புக்கு ஓர் எண் போதும்:

```
பொட்டாசியம் குளோரைடு       mEq = mg ÷ 75
பொட்டாசியம் சிட்ரேட்         mEq = mg ÷ 108
பொட்டாசியம் குளுக்கோனேட்   mEq = mg ÷ 234
பொட்டாசியம் மட்டும்            mEq = mg ÷ 39
```

எண்கள் கிட்டத்தட்ட முழுமையாக்கப்பட்டவை; மாத்திரை விஷயத்தில் இந்தத் துல்லியம் போதும். கடைசி வரிதான் மற்ற மூன்றோடு குழம்புவது. டப்பாவில் உப்பின் பெயர் எடைக்கு முன்னால் இருந்தால் முதல் மூன்றில் ஒன்று. 'பொட்டாசியம்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு எதிரே எடை இருந்தால் பெரும்பாலும் கடைசி வரி.

600 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். பொட்டாசியம் குளோரைடு 600 மி.கி. மாத்திரை பல நாடுகளில் நெடுங்காலமாகக் கிடைக்கும் ஒன்று. 600ஐ 75ஆல் வகுத்தால் 8 எம்ஈக்யூ. ஒரு பெரிய டம்ளர் இளநீரிலும், அதாவது கால் லிட்டர் அளவில், சுமார் 600 மி.கி. பொட்டாசியம் இருக்கும். இது உணவு அட்டவணைக் கணக்கு, உப்பின் எடையன்று. 600ஐ 39ஆல் வகுத்தால் 15 எம்ஈக்யூ வருகிறது. எண் ஒன்றுதான்; ஆனால் அந்த டம்ளரில் இருப்பது ஏறத்தாழ இரண்டு மாத்திரை. 'மாத்திரையிலும் 600, இளநீரிலும் 600, ஒன்றுக்கு ஒன்று சரி' என்று நினைப்பவர், சிறுநீரகம் பழுதானவராக இருந்தால், தெரியாமலே ஒரு வேளை மருந்தைக் கூடுதலாகக் குடிக்கிறார்.

ஒரு சீட்டு, ஒரு கடை

இப்போது ஓர் எடுத்துக்காட்டைப் படிப்படியாகப் பார்ப்போம். ஆள் கற்பனை, அளவுகள் உண்மையானவை.

அறுபத்தெட்டு வயதுப் பெரியவர். அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் ஆறு மாதம் தங்கியபோது இதயச் செயல்பாடு குறைந்திருப்பது தெரிய வந்தது. அங்குள்ள டாக்டர் மூன்று மருந்து எழுதினார்: ஃபுரோசமைடு 40 மி.கி., ராமிப்ரில் 5 மி.கி., பொட்டாசியம் குளோரைடு 20 எம்ஈக்யூ. ஃபுரோசமைடு என்பது நீர் மாத்திரை. உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும்போது பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அதை ஈடுகட்டத்தான் மூன்றாவது மருந்து. ராமிப்ரில் செய்வது இதற்கு எதிர். அது சிறுநீரகத்தில் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும். ஒன்று இழுக்கிறது, ஒன்று பிடிக்கிறது. நடுவில் இருக்கும் 20 என்ற எண் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து வைக்கப்பட்டது.

பெரியவர் மதுரைக்குத் திரும்புகிறார். கொண்டுவந்த மாத்திரை தீர்ந்துவிடுகிறது. அமெரிக்க டப்பாவில் '20 mEq' என்று பெரிதாக இருக்கும். பல டப்பாக்களில் பக்கத்திலேயே 1500 mg என்றும் சிறிய எழுத்தில் இருக்கும். 1,500ஐ 75ஆல் வகுத்தால் 20. கணக்கு ஒத்துப்போகிறது.

கடையில் இரண்டு பொருள் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, மெதுவாகக் கரையும் 600 மி.கி. மாத்திரை. இன்னொன்று, 5 மி.லி.யில் 500 மி.கி. உள்ள பொட்டாசியம் குளோரைடு சிரப்.

மாத்திரை ஒன்றுக்கு 8 எம்ஈக்யூ. 20ஐ 8ஆல் வகுத்தால் இரண்டரை. இந்த அரையில்தான் சிக்கல். மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைத்தாலோ மென்றாலோ, மணிக்கணக்கில் வெளிவர வேண்டிய உப்பு ஒரே இடத்தில் மொத்தமாகக் கொட்டும். இரைப்பையிலும் குடலிலும் புண் வரும். உடைத்துச் சாப்பிடலாம் என்று தயாரிப்பாளரே சொல்லும் மாத்திரைகள் சில உண்டு. அப்படிச் சொல்லாதவரை முழுசாகத்தான் விழுங்க வேண்டும். ஆகவே இரண்டு மாத்திரை (16 எம்ஈக்யூ) போதுமா, மூன்று (24 எம்ஈக்யூ) வேண்டுமா என்பது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. கடைக்காரரோ வீட்டாரோ 'கிட்டத்தட்டச் சரி' என்று முடிவு செய்யும் விஷயம் இல்லை.

சிரப்பில் கணக்கு நேராக வருகிறது. 5 மி.லி.யில் 500 மி.கி. என்றால் 15 மி.லி.யில் 1,500 மி.கி.; அதாவது சரியாக 20 எம்ஈக்யூ. பல பாட்டில்களில் 15 மி.லி.க்கு 20 எம்ஈக்யூ என்று நேரடியாகவே அச்சிட்டிருப்பார்கள். அந்த வரி இருந்தால் வகுத்தலே வேண்டாம். அளவு மூடியில் 15 மி.லி. கோடு வரை ஊற்றி, அரை டம்ளருக்குக் குறையாத தண்ணீரில் கலந்து, சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன் மெதுவாகக் குடிக்க வேண்டும். தண்ணீர் கலக்காமல் குடித்தால் வயிற்றை எரிக்கும். ஆக, இந்தச் சீட்டுக்கு எண்ணளவில் பொருந்தும் மாற்று சிரப்தான். மாத்திரையிலிருந்து சிரப்புக்கு மாறுவதை டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

தவறான மூன்று வழிகள்

இதே சீட்டு தவறாகப் படிக்கப்படும் வழிகள் மூன்று. மூன்றிலும் கூட்டல் பெருக்கல் சரியாகவே இருக்கும் என்பதால் செய்கிறவருக்குச் சந்தேகம் வராது.

முதல் வழி. மகன் கைப்பேசியில் தேடுகிறார். 1 எம்ஈக்யூ பொட்டாசியம் 39 மி.கி. என்று கிடைக்கிறது. 20ஐ 39ஆல் பெருக்கி, தசமத்தையும் சேர்த்து, 782 மி.கி. என்று குறித்துக்கொள்கிறார். கடையில் 600 மி.கி. மாத்திரை இருக்கிறது. '782க்கு 600 கொஞ்சம் குறைவுதான், இரண்டு போட்டால் அதிகமாகிவிடும், ஒன்றே போதும்' என்று முடிவாகிறது. கிடைத்தது 8 எம்ஈக்யூ, வேண்டியது 20. ஐந்தில் இரண்டு பங்குதான் உள்ளே போகிறது. நீர் மாத்திரை தன் வேலையைக் குறைக்கவில்லை. சில வாரத்தில் கால் தசை தளர்கிறது, கெண்டைக்கால் இழுக்கிறது, மலச்சிக்கல் வருகிறது. இதையெல்லாம் வயதின் மேல் போட்டுவிடுவது எளிது. அவர் டிகாக்ஸின் என்ற இதய மருந்தும் சாப்பிடுபவராக இருந்தால், பொட்டாசியம் குறையும்போது அந்த மருந்தின் நச்சு விளைவு கூடும். அப்போது ஆபத்து துடிப்புக்கு.

இரண்டாவது வழி இதற்கு நேர்மாறு. மகள் அமெரிக்கக் கடையிலிருந்து சீட்டில்லாமல் வாங்கக்கூடிய பொட்டாசியம் டப்பாவைக் கொடுத்தனுப்புகிறார். அதில் ஒரு மாத்திரைக்கு 99 மி.கி. என்று இருக்கிறது. அங்கே சத்து மாத்திரைகளைத் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் ஒரு மாத்திரைக்கு 99 மி.கி.யோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வீட்டில் இருப்பவர் பழைய டப்பாவின் 1500 mg என்ற எழுத்தைப் பார்த்து, 1,500க்கு 99 எத்தனை என்று வகுத்து, ஒரு நாளைக்குப் பதினைந்து மாத்திரை என்று பிரித்துக் கொடுக்கிறார். 99 என்பது பொட்டாசியத்தின் எடை, 1,500 என்பது உப்பின் எடை. 99ஐ 39ஆல் வகுத்தால் ஒரு மாத்திரைக்கு 2.5 எம்ஈக்யூ, பதினைந்துக்கு 38. சீட்டில் இருந்தது 20. ஏறத்தாழ இரட்டிப்பு.

அந்த டப்பாவின் பின்புறம் பார்த்திருந்தால் பிழை அங்கேயே பிடிபட்டிருக்கும். குளுக்கோனேட் உப்பாக இருந்தால் பொதுவாக 595 மி.கி. என்று ஒரு துணை வரி இருக்கும். 595ஐ 234ஆல் வகுத்தாலும் 2.5 எம்ஈக்யூ. உப்பின் வழியாகப் போனாலும் பொட்டாசியத்தின் வழியாகப் போனாலும் ஒரே விடை வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ ஓர் எடையைத் தவறாகப் படித்திருக்கிறோம்.

மூன்றாவது வழி மில்லிகிராமையே தொடுவதில்லை. கையெழுத்துச் சீட்டில் 20 எம்ஈக்யூ என்பது, அவசரமாகப் படிக்கும்போது, 20 மி.லி. என்று தெரிகிறது. சிரப் வாங்கி, அளவு மூடியில் 20 மி.லி. ஊற்றுகிறார்கள். 5 மி.லி.க்கு 500 மி.கி. என்ற சிரப்பில் 20 மி.லி. என்பது 2,000 மி.கி., அதாவது 27 எம்ஈக்யூவுக்குச் சற்றுக் குறைவு. தினமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். இதைவிடக் கெட்ட வகை ஒன்றும் இருக்கிறது: சில நாடுகளில் இரண்டு மடங்கு செறிவுள்ள திரவம் விற்கிறது, அதில் 15 மி.லி.க்கு 40 எம்ஈக்யூ. வெளிநாட்டிலிருந்து வந்த பாட்டிலாக இருந்தால், 'எப்போதும் போல 15 மி.லி.' என்பதே இரட்டை அளவாகிவிடும்.

நான்காவதாக ஒன்றைச் சொல்லலாம், ஆனால் அது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். எம்ஈக்யூவை மி.கி. என்று படித்து '20 மி.கி. பொட்டாசியம் குளோரைடு இருக்கிறதா' என்று கடையில் கேட்டால் அப்படி ஒரு மாத்திரை இருக்காது. 20 மி.கி.யில் தேறுவது கால் எம்ஈக்யூவுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. வாய்வழிப் பொட்டாசியம் மில்லிகிராமில் எழுதப்பட்டால் நூறுகளிலோ ஆயிரங்களிலோதான் இருக்கும். எம்ஈக்யூவில் எழுதப்பட்டால் ஒரு வேளைக்கு ஒற்றை இலக்கம் அல்லது இரட்டை இலக்கம். எண் இந்த வரம்பில் இல்லையென்றால் அலகைத் தவறாகப் படித்திருக்கிறோம் என்று பொருள். '600' என்று மட்டும் எழுதி அலகை விட்ட சீட்டில் அது எம்ஈக்யூவாக இருக்கவே முடியாது. 600 எம்ஈக்யூ என்றால் 45 கிராம் உப்பு.

அலமாரியில் அடுத்த பாட்டில்

கணக்கு முழுக்கச் சரியாக இருந்தும் மருந்து தவறாகப் போகும் இடம் ஒன்று உண்டு. கடை அலமாரியில் பொட்டாசியம் குளோரைடு சிரப் இருக்கும். அதற்கு அருகிலேயே பொட்டாசியம் சிட்ரேட் சிரப்பும் இருக்கும். சிட்ரேட் சிரப் சிறுநீரகக் கல்லுக்கும் சிறுநீர் எரிச்சலுக்கும் அதிகம் எழுதப்படுவது. அதன் வழக்கமான கூட்டு 5 மி.லி.யில் 1,100 மி.கி. பொட்டாசியம் சிட்ரேட், கூடவே சிட்ரிக் அமிலம். 1,100ஐ 108ஆல் வகுத்தால் 10 எம்ஈக்யூ. குளோரைடு சிரப்பில் 5 மி.லி.க்கு 7 எம்ஈக்யூகூட இல்லை. எனவே 'பொட்டாசியம் சிரப் 15 மி.லி.' என்று மட்டும் வாயால் கேட்டு வாங்கினால், ஒரு பாட்டிலில் 20 எம்ஈக்யூ வரும், மற்றதில் 30 வரும்.

அப்படியானால் சிட்ரேட்டில் 10 மி.லி. எடுத்தால் 20 எம்ஈக்யூ சரியாகிவிடுமே என்று தோன்றும். பொட்டாசியம் சரியாகும், சிகிச்சை சரியாகாது. நீர் மாத்திரை பொட்டாசியத்தோடு குளோரைடையும் வெளியேற்றுகிறது. ரத்தத்தில் காரத்தன்மை கூடுகிறது. குளோரைடு திரும்பக் கிடைக்காதவரை சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரியாகத் தேக்கிவைக்க முடியாது. சிட்ரேட்டோ உடலில் பைகார்பனேட்டாக மாறிக் காரத்தன்மையை மேலும் கூட்டும். கல் வராமல் தடுக்கவும், ரத்தத்தில் அமிலம் சேரும் சில சிறுநீரக நோய்களுக்கும் அந்தக் குணம்தான் வேண்டும். நம் எடுத்துக்காட்டுப் பெரியவருக்கு அது வேண்டாத குணம். கல்லுக்காகச் சிட்ரேட் எழுதப்பட்டவருக்குக் குளோரைடு கொடுத்தாலும் இதே கதைதான்: பொட்டாசியம் போகும், கல்லுக்கு ஒரு பயனும் இராது.

சிறுநீர் எரிச்சலுக்கு விற்கும் இன்னொரு சிரப்பும் அதே வரிசையில் இருக்கும். அது டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட். பெயரில் சிட்ரேட் உண்டு, பொட்டாசியம் துளியும் இல்லை, இருப்பது சோடியம். இதயம் தளர்ந்து நீர் தேங்குபவருக்கு அதைப் பொட்டாசியத்துக்கு மாற்றாகக் கொடுப்பது இரட்டைத் தீங்கு.

ஆகவே எம்ஈக்யூ ஒன்றாக இருந்தால் மருந்து ஒன்று என்று ஆகிவிடாது. சீட்டில் எண்ணுக்கு முன்னால் உள்ள உப்பின் பெயர் அளவைப் போலவே மருந்தின் ஒரு பகுதி. சீட்டில் 'பொட்டாசியம்' என்று மட்டும் இருந்தால், எந்த உப்பு என்று எழுதியவரிடமே கேட்க வேண்டும்.

உடலுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது

38 எம்ஈக்யூ உண்மையில் பெரிய அளவா? ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் இறங்கியவர்களுக்கு டாக்டர்கள் நாளுக்கு 40 முதல் 100 எம்ஈக்யூ வரைகூட, பல வேளைகளாகப் பிரித்து, கொடுப்பதுண்டு. ஒரே வேளையில் 20ஐத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க மாத்திரைக் குறிப்புகள் சொல்கின்றன. ஆக, சிறுநீரகம் நன்றாக இருக்கும் ஒருவர் ஒரு நாள் 38 சாப்பிட்டால் ஒன்றும் ஆகாமல் போகலாம். எண் தனியாக நின்று ஆபத்தாவதில்லை. அதை வெளியேற்றும் வழி அடைபட்டிருக்கும்போதுதான் ஆபத்தாகிறது.

எழுபது கிலோ எடையுள்ளவரின் உடலில் மொத்தம் சுமார் 3,500 எம்ஈக்யூ பொட்டாசியம் இருக்கும். அதில் ஏறத்தாழ 98 சதவீதம் செல்களுக்குள்ளே. வெளியே, ரத்தத்திலும் செல்களைச் சுற்றிய நீரிலும் இருப்பது வெறும் 60 எம்ஈக்யூ அளவுதான். அந்த நீர் சுமார் 14 லிட்டர். இரண்டாவது வழியில் கூடுதலாகப் போன 18 எம்ஈக்யூ முழுவதும் அங்கேயே தங்கிவிட்டால், லிட்டருக்கு 1.3 ஏறும்: 4.2ஆக இருந்தது 5.5 ஆகும். வழக்கமாக அப்படித் தங்காது. செல்கள் உடனே இழுத்துக்கொள்ளும், சிறுநீரகம் சில மணி நேரத்தில் வெளியேற்றும். சிறுநீரகம் தளர்ந்தவரிடம் அந்த வெளியேற்றம் மெதுவாகும். தினமும் கூடுதல் சேர்ந்துகொண்டே போகும்.

வெளியேற்றத்தை மெதுவாக்கும் மருந்துகள் அதே நோயாளியின் பையிலேயே இருப்பதுதான் இங்கே கவலை. ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்டான், லோசார்டான் போன்ற ரத்த அழுத்த மருந்துகளும், ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரையும் பொட்டாசியத்தைத் தேக்கும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கும் சமையல் உப்பில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடுதான். சாம்பாரில் போகிற அந்த உப்பை மருந்துச் சீட்டில் யாரும் எழுதுவதில்லை.

பொட்டாசியம் ஏறுவதற்கு நம்பத் தகுந்த அறிகுறி கிடையாது. தசைத் தளர்ச்சி, படபடப்பு, வாந்தி வரலாம்; எதுவும் வராமலும் இருக்கலாம். முதல் அறிகுறியே துடிப்புக் கோளாறாக அமைவதும் உண்டு. 'உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை, எனவே அளவு சரிதான்' என்ற வாதம் இங்கே செல்லாது. தெரிந்துகொள்ள இருப்பது ரத்தப் பரிசோதனையும், அளவு மிகுந்தால் ஈசிஜியும். மருந்து மாற்றிய பிறகு சில நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பொட்டாசியம் பார்க்கச் சொல்வது வழக்கம்; அளவு எப்போதாவது தவறியிருக்கலாம் என்று தெரிந்தால் அந்த நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், எதிர்பாராத எண் வந்தால் டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்வார். அதற்காக முதல் முடிவை வீட்டிலேயே பொய் என்று ஒதுக்கக் கூடாது.

பரிசோதனைத் தாளிலும் எம்ஈக்யூ என்றே இருக்கும். அது லிட்டருக்கு எவ்வளவு என்ற செறிவு. சீட்டில் இருப்பது விழுங்க வேண்டிய மொத்த அளவு. 'ரத்தத்தில் 3.2 இருக்கிறது, 4 ஆக வேண்டும், எனவே 0.8 எம்ஈக்யூ போதும்' என்று இரண்டையும் கழிப்பது பொருளற்ற கணக்கு. ரத்தத்தில் அந்தச் சிறு குறைவு தெரிவதற்குள் செல்களிலிருந்து நூற்றுக்கணக்கான எம்ஈக்யூ போயிருக்கலாம்.

சீட்டைப் படிக்கும் முறை

முதலில் உப்பின் பெயர், பிறகு எம்ஈக்யூ, பிறகு ஒரு நாளைக்கு எத்தனை வேளை. இந்த மூன்றையும் சீட்டிலிருந்து தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சீட்டின் எம்ஈக்யூவை மில்லிகிராமாக மாற்றிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். எம்ஈக்யூவோடே போங்கள், கடையில் கிடைக்கும் பொருளின் மில்லிகிராமை எம்ஈக்யூவாக மாற்றுங்கள். திசையை மாற்றினால் பெரும்பாலான பிழை விலகிவிடும். ஏனென்றால் எந்த உப்பின் எடை என்பது பொருள் கையில் இருக்கும்போதுதான் தெரியும்.

பொருளில் எம்ஈக்யூ அச்சாகியிருந்தால் அதையே நம்புங்கள். இல்லையென்றால் உப்பின் பெயருக்கு எதிரே உள்ள எடையை எடுத்து, அதற்குரிய எண்ணால் வகுங்கள். சிரப்பாக இருந்தால் அந்த எடை 5 மி.லி.க்கா, 15 மி.லி.க்கா, ஒரு மி.லி.க்கா என்று பாருங்கள். வந்த விடையைக் கடையில் உள்ள பதிவு பெற்ற மருந்தாளுநரிடம் காட்டி, 'இதில் ஒரு வேளைக்கு எத்தனை எம்ஈக்யூ' என்று கேளுங்கள். உங்கள் விடையை முதலில் சொல்லாதீர்கள். சொன்னால் சரி என்று தலையாட்டுவது எளிது. அவரும் அதே எண்ணுக்கு வந்தால் வாங்கலாம். மாத்திரை எண்ணிக்கை முழுசாக வராவிட்டாலும், உப்பு மாறினாலும், சீட்டு பழையதாக இருந்தாலும், நோயாளிக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தாலும், வாங்குவதற்கு முன் டாக்டரிடம் பேச வேண்டும்.

அட்டையில் மில்லிகிராம் மட்டும் இருக்கிறது, அது உப்பின் எடையா பொட்டாசியத்தின் எடையா என்று எங்கேயும் சொல்லவில்லை என்றால், அந்த எண்ணை எம்ஈக்யூவாக மாற்ற வழியே இல்லை. ஊகித்து மாற்றினால் பிழை இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை போகும். அந்தப் பொருளை வாங்காமல் விடுவதே கணக்குச் சொல்லும் விடை.